இரண்டாம் குரலுக்கும் மூன்றாம் குரலுக்கும் இடையில்

கேள்வி: நான் ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். கிளிநொச்சிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி லண்டனில் தாதியாக வேலை செய்கிறாள். ஒவ்வொரு இரவும் கனவில் அவளுடைய அம்மா முற்றத்தில் நின்று அவளைக் கூப்பிடுகிறா. என் சின்னம்மாவின் மகள் எனக்கு உண்மையாகவே சொன்ன கனவு இது. சொல்லும்போது அவள் அழுதாள், கேட்ட நானும் அழுதேன். எழுதிக் காட்டினால் மட்டும் ஒருவரும் அசையவில்லை. "எல்லாக் கனவும் ஒரே மாதிரி இருக்கு, கடைசியில அம்மா செத்துப்போவா எண்டு முதலே தெரிஞ்சுது" என்கிறார்கள். கனவைக் குறைப்பதா, முடிவை மாற்றுவதா? கதையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

— ஒரு வாசகி, கிளிநொச்சி மாவட்டம்

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

கதையை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் சும்மா வாசித்தேன், இரண்டாம் தரம் பென்சிலோடு. 11 பக்கத்தில் கனவு 6 இடத்தில் வருகிறது. ஆறிலும் ஏறக்குறைய ஒரே சொற்கள்: இருட்டு, முற்றம், அம்மாவின் குரல், பிறகு "திடுக்கிட்டு விழித்தாள்". வாசித்தவர்கள் சொன்னது சரிதான். ஆனால் கனவு அதிகமாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கனவுக்குள் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் இன்னும் எழுதவே இல்லை. அதற்கு வேண்டியதெல்லாம் உங்கள் பக்கங்களிலேயே அங்கங்கே சிதறிக் கிடக்கிறது. பென்சிலால் கோடு போட்ட இடங்களை வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

முதலில் "ஒவ்வொரு இரவும்" என்பதை எடுப்போம். உங்கள் சின்னம்மாவின் மகள் அந்தக் கனவை எப்படிச் சொல்லியிருப்பாள்? "அம்மா முத்தத்தில நிண்டு கூப்பிடுவா அக்கா, நான் போகப் பாப்பன், போறதுக்கிடையில முழிச்சிடுவன்." கூப்பிடுவா, பாப்பன், முழிச்சிடுவன். வழமையாக நடக்கிற ஒன்றை நாங்கள் பேச்சில் இப்படித்தான் சொல்கிறோம். வருங்காலத்துக்குரிய அதே வினை, அம்மம்மா பழைய கதை சொல்லும்போதும் இப்படித்தான் வரும்: "அப்ப நாங்கள் குளத்துக்குப் போவம், தாமரை பிடுங்குவம்." ஒரு தரம் சொன்னால் ஆயிரம் தரம் நடந்ததாக ஆகிவிடும். நீங்களோ எழுத உட்கார்ந்ததும் அதைக் "கூப்பிட்டாள், ஓடினாள், விழித்தாள்" என்று மாற்றிவிட்டீர்கள். இறந்தகாலத்தில் எழுதினால் அது ஒரு குறிப்பிட்ட நாளில் நடந்த காரியம். இன்று என்ன புதிதாக நடக்கப் போகிறது என்று வாசிப்பவர் பார்ப்பார். ஒன்றும் நடக்காது. ஆறு தரம் ஏமாந்தால் யாருக்கும் சலிக்கும்.

ஆகவே கனவைக் கூப்பிடுவா-நிற்பாள் என்ற அந்த வினையில் ஒரே ஒரு பத்தியில் எழுதி முடியுங்கள். அதுவே உங்கள் "ஒவ்வொரு இரவும்". அதன் பிறகு "அன்று" என்று தொடங்கி ஒரே ஒரு நாளை எடுங்கள். கதையின் மீதி முழுக்க அந்த ஒரு நாள்தான். மற்ற ஐந்து கனவையும் வெட்டுங்கள். "திடுக்கிட்டு" என்ற சொல்லையும் சேர்த்து வெட்டுங்கள், அது எல்லோருடைய கனவுக் கதையிலும் நிற்கிற சொல்.

அடுத்தது நேரம். 3ஆம் பக்கத்தில் அவள் இரவு டியூட்டி செய்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். 4ஆம் பக்கத்தில் நள்ளிரவில் கட்டிலில் கனவு காண்கிறாள். இரண்டும் ஒன்றாக நிற்காது. அங்கே இரவு டியூட்டி பெரும்பாலும் 12 மணித்தியாலம் ஓடும்: மாலை ஏழரை, எட்டுக்குப் போனால் காலை அந்த நேரத்துக்குத்தான் வெளியே வரலாம். பஸ் பிடித்து அறைக்கு வந்து, குளித்து, எதையாவது சாப்பிட்டுப் படுக்க ஒன்பதரை, பத்தாகும். ஆகவே அவள் கனவு காண்பது பகலில், தடித்த திரைச்சீலையை இழுத்துவிட்ட அறையில். இதை ஒரு பிழையாக மட்டும் எடுத்துத் திருத்திவிட்டுப் போகாதீர்கள். இதில் உங்கள் கதைக்கு ஒரு பெரிய கொடை இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். குளிர்காலத்தில் இலங்கை நேரம் லண்டனைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னே நிற்கிறது. அவள் பத்து மணிக்குப் படுத்து, இரண்டரை மணித்தியாலம் தூங்கினால், அங்கே பகல் 12.30. இங்கே மாலை 6 மணி. மார்கழியில் வன்னியில் அது பொழுது விழுகிற நேரம், விளக்கு வைக்கிற நேரம். பிள்ளைகளை எல்லா அம்மாமாரும் முற்றத்தில் நின்று கூப்பிடுகிற நேரம். கனவில் அம்மா கூப்பிடுகிற அதே நிமிடத்தில் இங்கே நிஜமாகவே பொழுது விழுந்துகொண்டிருக்கிறது. இதை நீங்கள் ஒரு வசனத்திலும் விளக்க வேண்டாம். அவள் கண் விழித்துப் போனைப் பார்க்கும்போது அதில் இரண்டு மணிக்கூடு காட்டட்டும், போதும். கதை எந்த மாதத்தில் நடக்கிறது என்பதை மட்டும் முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து ஒக்ரோபர் கடைசி ஞாயிறு வரை அவர்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி வைத்திருப்பார்கள். அப்போது வித்தியாசம் நாலரைதான், உங்கள் ஆறு மணி ஐந்தாகிவிடும், ஐந்து மணிக்கு இங்கே நல்ல வெயில்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. வன்னியில் வளர்ந்த பிள்ளைக்கு இரண்டு மணிக்கூடு புதிதில்லை. 1996இல் நாட்டின் நேரத்தை முன்னே தள்ளினார்கள், வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. 2006இல் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை அப்படித்தான். பாதை திறந்திருந்த காலத்தில் ஓமந்தையைத் தாண்டினால் அரை மணித்தியாலம் மாறும். "புது நேரமோ பழைய நேரமோ?" என்று கேட்காமல் ஒருவரும் ஒரு நேரம் சொல்ல மாட்டார்கள். உங்கள் தாதி அந்தக் காலத்துச் சிறுமி. அவள் வாயில் அந்தக் கேள்வி ஒரு தரம் வந்தால் இயல்பாக இருக்கும்.

பகல் தூக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். இரவு முழுக்க விழித்துவிட்டுப் பகலில் படுக்கிறவரின் தூக்கம் துண்டு துண்டாகத்தான் இருக்கும். உடம்பு களைத்திருந்தாலும் உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் "இது பகல்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கனவின் நடுவில் விழிப்பு வந்தால் கனவு அப்படியே நினைவில் தங்கும், ஆழமாகத் தூங்கி எழும்பினால் பெரும்பாலும் மறந்துபோகும். அதோடு வெளிச்சத்தமும் கனவுக்குள் வந்து வேறு உருவம் எடுக்கும். ஒரே கனவு நாள்தோறும் நினைவில் நிற்பதற்கு இவ்வளவும் போதும். நீங்கள் 5ஆம் பக்கத்தில் ஒரு வைத்தியரைக் கொண்டுவந்து அரைப் பக்கம் விளக்கம் சொல்ல வைத்திருக்கிறீர்களே, அவரை அனுப்பிவிடுங்கள். மாடிப்படியில் யாரோ கதவை அடிக்கிற சத்தம் ஒன்று அவருடைய வேலையைச் செய்துவிடும்.

இப்போது முற்றம். உங்களிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: எந்த முற்றம்?

நீங்கள் எழுதியிருக்கிற முற்றத்தில் வெள்ளை மணல், ரோசாச் செடி, சீமெந்துக் கட்டு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் இருக்கின்றன. அது அம்மா இப்போது இருக்கிற வீடு, வீட்டுத்திட்டத்தில் கட்டியது. அந்த வீட்டில் உங்கள் தாதி எத்தனை நாள் வாழ்ந்திருப்பாள்? அவளுக்குக் கதையில் 30 வயது, கதை 2024இல் நடக்கிறது. அப்படியென்றால் 2008இல் அவளுக்கு 14. அந்த வருசம் மழைக்கு முன்னும் பின்னுமாகச் சனம் கிளிநொச்சிப் பக்கத்தை விட்டு தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே நகர்ந்தது. 2009 ஜனவரி 2 அன்று கிளிநொச்சி இராணுவத்திடம் போனது. மே மாதம் முள்ளிவாய்க்கால். பிறகு செட்டிகுளத்து முகாம், பிறகு மீள்குடியேற்றம், தகரக் கொட்டில், அதற்குப் பிறகுதான் இந்தச் சீமெந்து வீடு. அந்த நேரம் அவள் ஏ.எல். பரீட்சை, அப்புறம் தாதியர் பயிற்சி என்று விடுதிகளில் இருந்திருப்பாள்.

அவள் கனவில் வருவது 14 வயதுவரை வாழ்ந்த வளவின் முற்றமாகத்தான் இருக்கும். அதை எழுதுங்கள். ஒரு பொருளைக் கிட்டப் போய்ப் பாருங்கள், போதும். நான் சொல்வதென்றால் கூட்டிய முற்றத்தைச் சொல்வேன். பின்னேரம் அம்மா ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நகர்ந்து வருவார். அந்தச் சாம்பல் மண்ணில் அரைவட்டம் அரைவட்டமாக ஈர்க்குக் கீறல் விழும், ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மீன் செதில் மாதிரி. கூட்டி முடிந்ததும் கொஞ்ச நேரம் அதில் ஒரு அடியும் பதியாமல் இருக்கும். கோழி ஒன்று குறுக்கே போனால் அதன் கால் தடம் தனியாகத் தெரியும். பிள்ளைகள் விளையாடிவிட்டு ஓடிவந்தால், "இப்பத்தான் கூட்டினன், கரையால வா" என்று ஏச்சு விழும். உங்கள் கனவில் அந்தக் கீறல்கள் கலையாமல் இருக்கட்டும். அவள் இன்னும் வந்து சேரவில்லை என்பது அந்த மண்ணிலேயே தெரியும்.

இனி அந்தக் குரல். கதையின் உயிர் இங்கேதான் என்று எனக்குப் படுகிறது, நீங்களோ "அம்மாவின் குரல் கேட்டது" என்று கடந்துபோயிருக்கிறீர்கள். அம்மா என்ன சொல்லிக் கூப்பிட்டார்? எத்தனை தரம்? எவ்வளவு நீளமாக?

கூப்பிடுவதில் கிட்டக் கூப்பிடுவது வேறு, தூரக் கூப்பிடுவது வேறு. தொல்காப்பியத்தில் இதற்கென்றே விளிமரபு என்று ஓர் இயல் இருக்கிறது. தூரத்தில் இருப்பவரை விளிக்கும்போது எந்தப் பெயரும் தன் அளவைத் தாண்டி நீளும் என்று அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. வன்னி வளவுகளுக்கு இது அப்படியே பொருந்தும். யாழ்ப்பாணத்து நெருக்கமான வேலிகள் மாதிரி இங்கே இல்லை. குடியேற்றத்தில் கொடுத்த காணிகள் ஏக்கர்க் கணக்கில் இருந்தன. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால், அதற்கப்பால் வயல், அதற்கப்பால் காடு. பொழுதுபட்டால் யானை வரும், பாம்பு வரும். உங்கள் தாதியின் பெயர் மலர். மாட்டைச் சாய்க்கப் போன பிள்ளைக்குக் கேட்க வேண்டுமென்றால் "மலர்" என்ற மூன்றெழுத்துச் சத்தம் பத்தாது. "மலரேஏஏய்" என்று கடைசி உயிரை இழுத்து, இழுக்கும்போது கொஞ்சம் மேலே ஏற்றி, அந்த ஏற்றத்திலேயே விட்டால்தான் போய்ச் சேரும். எழுதும்போதும் அப்படியே எழுதுங்கள். அளபெடைக்கு எங்கள் எழுத்தில் இடம் இருக்கிறது, மூன்று புள்ளி வைத்துச் சமாளிக்க வேண்டாம்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. உங்கள் கதையில் அம்மா ஒவ்வொரு நாளும் வட்ஸ்அப்பில் பேசுகிறார். "பிள்ளை சாப்பிட்டியோ, குளிருதோ, காசு அனுப்பத் தேவையில்லை." அம்மாவோடு நாள்தோறும் பேசுகிறவளுக்கு ஏன் அம்மா கூப்பிடுகிற கனவு வர வேண்டும் என்று வாசிப்பவர் கேட்பார். விடை இந்தக் குரல் வித்தியாசத்தில் இருக்கிறது. போன் காதோடு இருக்கிறது, அதில் எல்லாமே கிட்டக் குரல். அம்மா கடைசியாக அவளைத் தூரக் குரலில் கூப்பிட்டது எப்போது? பங்கருக்குள் யாரும் பெயரை இழுத்துக் கூப்பிடுவதில்லை. இடம்பெயர்ந்து போகிற சனத்துக்குள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். முகாமில் கூடாரத்துக்கு முற்றம் இல்லை, அங்கே "மலர்" என்று கத்தினால் பத்து மலர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே 2008இல், அந்த வளவில், ஒரு பின்னேரம்தான் கடைசி. அந்தப் பின்னேரம் எது என்று அவளுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. அதற்குப் பிறகு 16 வருசமாக அந்தக் குரல் கனவில் மட்டும்தான் இருக்கிறது. இதையும் கதையில் விளக்க வேண்டாம். இதை நீங்கள் தெரிந்துகொண்டு எழுதினால், எந்த வசனம் வேண்டும், எது வேண்டாம் என்று கை தானாகவே சொல்லும்.

7ஆம் பக்கத்துக்கு வருகிறேன். அங்கே, வேறு எதையோ சொல்லும்போது, இப்படி ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள்: "பொழுதுபட்டாப் பிறகு ஆரும் பேர் சொல்லிக் கூப்பிட்டா ஒரு தரத்துக்கும் ரெண்டு தரத்துக்கும் ஏனெண்டு கேக்கப்படாது, மூண்டாந்தரம் கூப்பிட்டாத்தான் வாய் திறக்க வேணும் எண்டு அம்மா சொல்லித் தந்திருந்தா."

இந்த வரியில் பென்சில் நின்றுவிட்டது. என் அம்மம்மாவும் இதைச் சொல்வார். காத்துக் கறுப்பு தெரிந்தவர்களின் குரலில் கூப்பிடும், ஆனால் அதற்கு இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிட முடியாது, மனிதர்தான் மூன்றாம் தரமும் கூப்பிடுவார் என்பது நம்பிக்கை. கிராமங்களில் வளர்ந்த எத்தனையோ பேருக்கு இது தெரியும். உங்கள் கதையின் ஆணிவேர் இதுதான். இது 7ஆம் பக்கத்தில் இருக்கக் கூடாது, முதல் பக்கத்துக்குப் போக வேண்டும்.

கனவில் அம்மா இரண்டு தரம் கூப்பிடுவார். அவள் மூன்றாவதுக்குக் காத்து நிற்பாள். விழிப்பு வந்துவிடும். அவ்வளவுதான் கனவு. ஆனால் இப்போது வாசிப்பவர் எண்ணத் தொடங்கிவிடுவார். ஒன்று, இரண்டு... அவள் ஏன் பதில் சொல்லவில்லை என்பதற்கு நீங்கள் குற்ற உணர்ச்சி, தூரம், ஏக்கம் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதெல்லாம் தேவையில்லை. அம்மா சொன்ன சொல்லைக் கேட்கிற பிள்ளை, அதனால் அம்மாவுக்குப் பதில் சொல்லாமல் நிற்கிறாள். அதோடு, மூன்றாம் குரல் வராதவரை கூப்பிடுவது அம்மாதானா என்றே அவளுக்கு நிச்சயம் இல்லை. பயமும் பாசமும் ஒரே இடத்தில் நிற்கிற ஒரு கனவு உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

சேர்த்து எழுதிப் பார்த்தேன். இது உங்கள் சொல் அல்ல, ஒரு மாதிரிக்குத்தான்:

"அம்மா கூப்பிடுவா. கூட்டி முடித்த முற்றத்தில், விளக்குமாறு கையிலேயே இருக்க, வாய்க்கால் பக்கம் பார்த்துக் கூப்பிடுவா. மலரேஏஏய். மலர் வைக்கோல் போருக்குப் பின்னால் நிற்பாள். கன்றுக்குட்டியின் கயிறு கையில் இருக்கும். பிறகு இரண்டாம் தரம், கொஞ்சம் கோபத்தோடு. மலர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள். கண் விழிக்கும்போதும் வாய் திறந்தபடிதான் இருக்கும், தொண்டை காய்ந்துபோய்."

ஆறு கனவுக்கும் பதிலாக இந்த ஒன்று. கடைசியில் அந்தக் காய்ந்த தொண்டை எதற்கென்றால், கனவிலிருந்து அறைக்கு வருவதற்கு உடம்பில் ஒரு பாலம் வேண்டும். "அது கனவு என்று உணர்ந்தாள்" என்று எழுதத் தேவையே இருக்காது.

வாட்டைப் பற்றி நீங்கள் எழுதியது குறைவு. எழுதியதிலும் "எல்லோருடைய மணிக்கும் ஓடிப்போகிற அவளால் தன் தாயின் அழைப்புக்கு மட்டும் போக முடியவில்லை" என்று ஒரு வசனம் இருக்கிறது. அது உண்மைதான், ஆனால் வாசிப்பவர் தானே கண்டுபிடித்துச் சந்தோசப்பட வேண்டியதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். வெட்டுங்கள். அந்த இடத்தில் வேலையைக் காட்டுங்கள். முதியோர் வாட்டில் இரவில் என்ன நடக்கும் என்று உங்கள் சின்னம்மாவின் மகளைக் கேளுங்கள். தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்களைப் படுக்கைப்புண் வராமல் சில மணித்தியாலத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது, பிரஷர் பார்த்துத் தாளில் குறிப்பது, பிறகு அந்தக் கூப்பிடுகிற ஆட்கள். மறதி நோய் முற்றிய கிழவர்கள் இரவில் தங்கள் அம்மாவைக் கூப்பிடுவார்கள். 80 வயதுக் கிழவர் விடிய விடிய "மம், மம்" என்று கூப்பிடுவதை அந்த வாட்டுகளில் வேலை செய்தவர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். அங்கே மூன்றாம் குரலுக்குக் காத்திருக்க முடியாது, முதல் குரலுக்கே போய் நிற்க வேண்டும். மலர் போகிறாள், அவருடைய கையைப் பிடிக்கிறாள், போர்வையைச் சரிசெய்கிறாள். அவ்வளவு எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள்.

முடிவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அம்மாவைச் சாகவிட வேண்டாம். கனவில் அம்மா கூப்பிட்டால் அம்மா செத்துவிட்டார் என்று முடிப்பது கனவை ஒரு சகுனமாக்கிவிடுகிறது. சகுனம் பலித்ததும் கதையில் பேச ஒன்றும் மிஞ்சாது. இரவில் வரும் போன், மறுமுனையில் அழுகை, தரையில் விழுகிற போன் என்று நீங்கள் எழுதியதை வேறு எந்தக் கதையின் கடைசிப் பக்கத்தில் ஒட்டினாலும் ஒட்டும். உங்கள் அம்மா உயிரோடு, வீட்டுத்திட்ட வீட்டில், மூட்டு வலியோடு, கையில் போனோடு இருக்கிறார். அவர் இருப்பதால்தான் மலரால் ஒன்றைச் செய்ய முடியும், அதுதான் அந்த ஒரு நாள். விழித்ததும் போனை எடுக்கிறாள். லண்டனில் 12.40, இங்கே 6.10.

"அம்மா, ஒருக்கா முத்தத்தில போய் நிண்டு என்னைக் கூப்பிடுங்கோவன்."

"என்ன?"

"முந்திக் கூப்பிடுற மாதிரி. போனை விறாந்தைக் குந்தில வைச்சிட்டுப் போய்க் கூப்பிடுங்கோ."

"விசரே உனக்கு? விளக்கு வைக்கிற நேரத்தில. பக்கத்து வீட்டுச் சனம் என்ன நினைக்கும்?"

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். அம்மா உடனே போகக் கூடாது. சாப்பிட்டியோ என்று கேட்க வேண்டும், காய்ச்சலோ என்று கேட்க வேண்டும், பேச்சை மாற்ற வேண்டும். மலர் காரணம் சொல்லக் கூடாது. கனவைப் பற்றி அம்மாவிடம் அவள் ஒரு சொல்லும் சொல்லாவிட்டால்தான் அம்மா போவது பெரிதாகத் தெரியும். பிறகு குந்தில் போன் வைக்கிற சத்தம், செருப்புச் சத்தம், அது மண்ணில் இறங்கி மெல்லப்போவது. படம் முழுக்கக் கூரைச் சலாகையும் ஒரு பல்லியும். தூரத்துக் குரலைப் போன் பல நேரம் இரைச்சல் என்று எடுத்து அமுக்கிவிடும், ஆகவே முதல் குரல் அவளுக்குப் பாதிதான் வர வேண்டும், அவள் போனைக் காதோடு அழுத்த வேண்டும். அம்மாவுக்கும் அந்தக் குரல் பழக்கம் விட்டுப்போயிருக்கும். முதல் தரம் வெட்கத்தோடு, சின்னதாக. இரண்டாம் தரம் இழுத்து, பழைய மாதிரி. பக்கத்து வளவில் நாய் குரைக்கட்டும்.

அதற்கு மேல் எழுதினால் அது என் கதை ஆகிவிடும். ஆனாலும் எனக்குத் தெரிகிற ஒரு வழியைச் சொல்கிறேன். மூன்றாம் தரம் முற்றத்தில் இருந்து வர வேண்டாம். செருப்புச் சத்தம் திரும்பி வரட்டும். மூச்சு வாங்க அம்மா போனைக் கையில் எடுத்து, கிட்டக் குரலில், "மலர், கேட்டுதே?" என்று கேட்கட்டும். அது மூன்றாம் கூப்பிடுதலா இல்லையா? மலர் வாயைத் திறக்கிறாள். அந்த வாயைத் திறப்பதோடு பேனாவை வைத்துவிடலாமா, "ஓம் அம்மா" என்று சொல்ல வைக்க வேண்டுமா என்பதில் எனக்கு இரண்டு மனம். நேற்று வைத்துவிடலாம் என்று நினைத்தேன். இன்று காலையில் சொல்ல வைக்கலாம் என்று தோன்றியது, 16 வருசமாக நிற்கிற பிள்ளை. இரண்டையும் எழுதி, சின்னம்மாவின் மகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் அவள் பேசாமல் இருக்கிறாள் என்று பாருங்கள்.

ஒன்று மட்டும். இது அவளுடைய கனவு, அவளுடைய அம்மா. அச்சுக்குக் கொடுக்க முதல் அவளிடம் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள், ஊர், வாட், சம்பளம் போன்ற அடையாளங்களை மாற்றுங்கள். திருத்திய பிரதி 6 பக்கத்துக்குள் வரும் என்று நினைக்கிறேன். தையில் இதழ் வேலை தொடங்க முதல் அனுப்பினால் ஆறுதலாக இருந்து வாசிப்பேன்.